நாள் பிந்தித் தொடங்கும் குளிசை

எங்கள் ஊர்களில் ஒரு கலியாணம் முற்றாகிவிட்டால் அந்த வீட்டில் ஒரு கொப்பி திறக்கப்படும். வீட்டுக்குப் பூச வேண்டிய சுவர், போட வேண்டிய கதவு, கட்டில், அலுமாரி, பெண்ணுக்கு எடுக்கும் உடுப்பு, மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் பலகாரம் என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் நான் பார்த்த எந்தக் கொப்பியிலும் போலிக் அமிலக் குளிசை என்று ஒரு வரி இருந்ததில்லை. மஞ்சள் நிறத்தில், மிகச் சிறிய குளிசை அது. விலையும் அற்பம். நிக்காஹ்வுக்கு ஒரு சில மாதங்கள் முன்பே அந்தப் பெண் அதை விழுங்கத் தொடங்க வேண்டும் என்பது என் வாதம். கர்ப்பம் என்று தெரிந்த பிறகு தொடங்குவது, இந்தக் குளிசை எதற்காகத் தரப்படுகிறதோ அந்த முக்கிய வேலைக்குப் பெரும்பாலும் பிந்திவிடுகிறது.

இந்தக் குளிசையின் கதை நமக்குத் தூரத்துக் கதையன்று. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் வைத்தியர் பம்பாய்க்கு வந்தார். கர்ப்பிணிகள் ஏன் கடும் குருதிச்சோகையால் இறக்கிறார்கள் என்று தேடுவது அவருடைய வேலை. அங்கு அவர் கண்ட சோகை வழக்கமான இரும்புக் குறைச் சோகை அல்ல. இரும்பு குறைந்தால் செங்குழியங்கள் சிறுத்து வெளிறும். இந்தப் பெண்களின் செங்குழியங்களோ அளவுக்கு மீறிப் பெருத்திருந்தன. எந்தப் பெண்களுக்கு அதிகம் வருகிறது என்று சமையலறை வரை போய்ப் பார்த்தார். ஏழை முஸ்லிம் பெண்களுக்குத்தான் அதிகம் வந்தது. அவர்களுடைய உணவுதான் எல்லாரிலும் மோசமாகவும் இருந்தது. பின்னர் அவர் தமிழ்நாட்டுக்கும் வந்தார். குன்னூரில் உள்ள பாஸ்டர் நிறுவனத்தில் ஆய்வு செய்தார். 1931இல் சென்னையில் கோஷா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். கோஷா என்றால் பர்தா. திரைக்குள் இருக்கும் பெண்கள் ஆண் வைத்தியரிடம் போகமாட்டார்கள் என்பதற்காகவே அமைந்த ஆஸ்பத்திரி அது. இன்று அதற்குக் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று பெயர். நம்மைப் போன்ற பெண்களின் குருதியில்தான் இந்த விற்றமின் முதலில் தேடப்பட்டது என்பதை எங்கள் பாடப்புத்தகம் சொல்வதில்லை.

வில்ஸ் முதலில் இது கிருமியால் வருகிறதா என்று பார்த்தார், இல்லை. பின்னர் பம்பாய் முஸ்லிம் பெண்கள் சாப்பிட்ட அதே சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்தார். எலிகளுக்குச் சோகை வந்தது. ஆனால் எலிகளின் உடம்பிலிருந்த பேன் வழியாக ஒரு தொற்றும் பரவி முடிவைக் குழப்பிவிட்டது. மனந்தளராமல் குரங்குகளிடம் போனார். அதே உணவில் சோகை வந்த ஒரு குரங்குக்கு மதுவச் சாற்றைக் கொடுத்தபோது அது தேறியது. அந்த மதுவச் சாறு வேறெதுவுமல்ல, நம்மூர்க் கடைகளில் கறுப்பாகக் களிபோல் போத்தலில் விற்கும் மார்மைட். காய்ச்சல் வந்தால் சுடுநீரில் கரைத்து எலுமிச்சை பிழிந்து உம்மா தருவாரே, அதுதான். அதைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார். அவர்களும் தேறினார்கள். மார்மைட்டில் என்ன இருந்தது என்று அப்போது யாருக்கும் தெரியாது. ‘வில்ஸ் காரணி’ என்று பெயர் வைத்தார்கள். 1941இல் அமெரிக்காவில் பசளிக் கீரை வகையொன்றை டன் கணக்கில் அரைத்து அதைப் பிரித்தெடுத்தவர்கள், இலை என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து அதற்குப் போலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். உணவில் இயற்கையாக இருக்கும் வடிவத்தைப் போலேட் என்றும், குளிசையில் இருக்கும் செயற்கை வடிவத்தைப் போலிக் அமிலம் என்றும் சொல்வது வழக்கம்.

இந்தப் பொருள் உடம்பில் என்ன செய்கிறது? சுருக்கமாகச் சொன்னால், ஒற்றைக் காபனைச் சுமந்து செல்லும் கூலியாள். ஒரு கலம் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் முதலில் தன் டீ.என்.ஏ.யை இரட்டிப்பாக்க வேண்டும். டீ.என்.ஏ.யின் நான்கு மூலங்களில் ஒன்று தைமின். தைமினைக் கட்டுவதற்குத் தேவையான அந்த ஒரு காபனைப் போலேட்தான் கொண்டுவந்து கொடுக்கிறது. போலேட் இல்லாவிட்டால் கலம் பருக்கும், ஆனால் பிரிய முடியாது. என்பு மச்சையில் செங்குழியங்கள் ஓயாமல் உருவாவதால் பற்றாக்குறை அங்கே முதலில் தெரிகிறது. வில்ஸ் கண்ட பெருத்த செங்குழியங்கள், பிரிய நினைத்துப் பிரிய முடியாமல் போன கலங்களின் பிள்ளைகள்.

என்பு மச்சையைவிட வேகமாகக் கலங்கள் பிரியும் இடம் ஒன்று உண்டு. அது முளையம். கருக்கட்டி ஏறத்தாழ மூன்றாவது வாரத்தில் முளையத்தின் முதுகுப் பக்கத்தில் கலங்கள் ஒரு தட்டையான தகடாக இருக்கும். அதன் இரண்டு ஓரங்களும் மேலெழுந்து, நடுவை நோக்கி வளைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் குழாயாகும். மருதமுனைக்காரருக்கு இதை விளக்குவது எளிது. தறியிலிருந்து வந்த சாரன் துணி தட்டையாகத்தான் இருக்கும். இரண்டு ஓரத்தையும் சேர்த்து மூட்டினால்தான் சாரன். முளையத்தில் இந்த மூட்டல் கழுத்துப் பகுதியில் 22ஆம் நாள் அளவில் தொடங்கி மேலும் கீழுமாக ஓடுகிறது. தலைப்பக்கம் 25ஆம் நாள் அளவில் மூடும். கீழ்ப்பக்கம் 28ஆம் நாள் அளவில் மூடும். மேலே மூடாவிட்டால் மூளையின் பெரும்பகுதியும் மண்டையோட்டின் மேற்பகுதியும் உருவாவதில்லை. அந்தக் குழந்தை பிழைப்பதில்லை. கீழே மூடாவிட்டால் முள்ளந்தண்டுப் பிளவு. முண்ணாண் வெளியே பிதுங்கி, இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் குறைந்து, சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டில் இல்லாமல் பிள்ளை வாழும்.

இனி இந்த நாட்களை ஒரு கலண்டரில் வைத்துப் பார்ப்போம். ஒரு புதுப்பெண்ணின் கடைசி மாதவிடாய் மே 1இல் தொடங்கியது என்று வையுங்கள். ஒழுங்கான வட்டமென்றால் மே 15 அளவில் கருக்கட்டும். அடுத்த மாதவிடாய் மே 29இல் வர வேண்டும், வரவில்லை. அன்றைக்கே முளையத்துக்கு 14 நாள் ஆகிவிட்டது. அவளுக்கு வெட்கம். கலியாணத்துப் பயணமும் விருந்தும் உடம்பைக் குழப்பியிருக்கும் என்று நினைப்பாள். ஒரு கிழமை பொறுப்பாள். பிறகு மாப்பிள்ளையிடம் சொல்வாள், அடுத்து உம்மாவிடம். ஜூன் 12இல் அந்தக் குழாய் மூடி முடிந்துவிடும், அல்லது மூடாமல் விட்டுவிடும். அன்று அவளுக்கு நாள் தள்ளிப்போய் இரண்டு கிழமைதான். ஜூன் 20 அளவில் உம்மாவோடு கிளினிக் போய்ப் பதிந்து, அட்டை எடுத்து, போலிக் அமிலக் குளிசையோடு வீட்டுக்கு வருவாள். அவள் ஒரு தவறும் செய்யவில்லை. ஊரில் எல்லாரும் செய்வதைவிடச் சீக்கிரமாகவே போயிருக்கிறாள். ஆனாலும் எட்டு நாள் பிந்திவிட்டது.

உண்மையில் பிந்தியது எட்டு நாள் மட்டுமல்ல. தினமும் குளிசை விழுங்கினாலும் செங்குழியங்களில் போலேட் அளவு பாதுகாப்பான மட்டத்துக்கு ஏறப் பல வாரங்கள் எடுக்கும். அதனால்தான் இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்கச் சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை, கருத்தரிக்க முயலும் காலம் தொட்டு 12 வாரம் வரை நாளுக்கு 400 மைக்ரோகிராம். முன்னர் இப்படியான குழந்தை பிறந்த தாய்க்கு, நீரிழிவு உள்ளவருக்கு, வலிப்புக்குச் சில மருந்துகள் எடுப்பவருக்கு இதைவிடப் பல மடங்கு அதிகமான அளவு தேவை. அதை வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். மே மாதத்தில் கருத்தரிக்கக்கூடிய அந்தப் பெண் பெப்ரவரியில் தொடங்கியிருக்க வேண்டும். பெப்ரவரியில் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? கலியாணச் சாரி தெரிவு செய்துகொண்டிருந்தாள்.

இது வெறும் ஊகமா, நிரூபணமா என்று கேட்கலாம். கேட்கவும் வேண்டும். லிவர்பூலில் ரிச்சர்ட் ஸ்மிதெல்ஸ் என்ற குழந்தை வைத்தியர் 1960களிலேயே சந்தேகப்பட்டார். உறுதியான விடை 1991இல் பிரித்தானிய மருத்துவ ஆய்வுச் சபையின் பரிசோதனையில் வந்தது. ஏழு நாடுகளில், முன்னர் ஒரு முறை நரம்புக் குழாய்க் குறையுள்ள கரு உண்டான பெண்களைச் சேர்த்தார்கள். சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்து, சிலருக்கு நாளுக்கு 4 மில்லிகிராம் போலிக் அமிலம், சிலருக்கு இல்லை. எடுத்தவர்களில் 593 கர்ப்பங்களில் 6இல் குறை வந்தது. எடுக்காதவர்களில் 602இல் 21. ஏறத்தாழ நூற்றுக்கு 72 வீதம் தடுக்கப்பட்டது. இவ்வளவு தெளிவாக வித்தியாசம் தெரிந்த பிறகு மற்றவர்களுக்குக் கொடுக்காமல் விடுவது அநியாயம் என்று பரிசோதனையை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். முதல் குழந்தைக்கும் இது பொருந்துமா என்ற கேள்விக்கு அடுத்த வருடம் ஹங்கேரியில் நடந்த பரிசோதனை ஆம் என்று சொன்னது.

அந்த ஆறு பேரையும் நாம் மறக்கக்கூடாது. குளிசை எடுத்தும் குறை வந்தவர்கள் அவர்கள். பரம்பரையும் வேறு காரணங்களும் உண்டு; எல்லாவற்றையும் குளிசை தடுக்காது. எங்கள் தெருவில் ஒரு ராத்தாவுக்கு முதுகில் கட்டியோடு பிள்ளை பிறந்தது. கிரகணத்தில் வெளியே போனாள் என்றார்கள், மாதாளி இருக்கும்போது வெட்டுக்கத்தி பிடித்தாள் என்றார்கள். அந்தப் பிள்ளைக்கு இப்போது ஐந்து வயது. உம்மாவின் இடுப்பில்தான் பாலர் பாடசாலைக்குப் போகிறாள். இதை வாசிக்கும் ஒருவர் நாளைக்கு, “குளிசை எடுக்காததால் வந்தது” என்று கத்திக்குப் பதிலாகக் குளிசையால் அந்த ராத்தாவை அடிக்கக்கூடாது. அவளிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதுதான் என் குறை.

நான் இதை வீட்டில் பேசியபோது மாமி ஒருவர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. “நாங்க மீன் இல்லாமச் சோறு தின்ட நாளில்ல, கிழமைக்கு ரெண்டு தரம் இறைச்சி. எங்கட புள்ளைகளுக்கு என்னடி விற்றமின் குறை?” என்றார். மாமி சொல்வது பாதி சரி. மீன், இறைச்சி, முட்டை, பாலில் தாராளமாக இருப்பது கோபாலமின், அதாவது பி12. அது மரக்கறியில் இல்லை. போலேட் பெருமளவில் இருப்பதோ கீரையிலும் பயறு, பருப்பு, கடலையிலும். ஒன்றின் நிறைவு மற்றதன் குறையை நிரப்பாது. கடற்கரை ஊரில் மீன் சட்டியில் பி12 இருக்கும். போலேட்டுக்கு முருங்கையிலையும் பொன்னாங்காணியும் அகத்தியும் வேண்டும். அந்தக் கீரையையும் நாம் நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, திரும்பவும் சூடாக்குகிறோம். போலேட் நீரில் கரையும், வெப்பத்தில் அழியும். சுண்டல் போல மெல்ல வதக்கி உடனே இறக்கினால் ஓரளவு மிஞ்சும். அப்படியிருந்தும் குளிசைக்கு அது ஈடாகாது. கீரையிலுள்ள போலேட்டைவிடக் குளிசையிலுள்ள போலிக் அமிலம் உடம்பில் இலகுவாகச் சேருகிறது.

இரண்டும் வேறு வேறு என்றால் ஏன் எல்லாரும் ஒன்றாகக் குழப்புகிறார்கள்? ஏனென்றால் இரண்டில் எது குறைந்தாலும் குருதியில் ஒரே படம்தான் தெரியும்: பெருத்த செங்குழியங்கள். காரணம் இதுதான். உடம்பில் போலேட் சுற்றிச் சுற்றி வேலை செய்யும்போது ஒரு கட்டத்தில் மெதைல் கூட்டத்தைச் சுமந்த வடிவமாக மாறிவிடும். அந்தச் சுமையை அதன் தலையிலிருந்து இறக்கி வாங்குவது பி12. பி12 இல்லாவிட்டால் கூலியாள் சுமையை இறக்க ஆளில்லாமல் மூட்டையோடு நின்றுகொண்டே இருப்பான். போலேட் உடம்பில் இருக்கும், ஆனால் வேலைக்கு வராது. எனவே பி12 குறைந்தவருக்கும் போலேட் குறைந்தவரைப் போலவே சோகை வருகிறது.

இங்கேதான் ஆபத்து. பி12 குறைந்தவருக்குப் போலிக் அமிலக் குளிசையைக் கொடுத்தால், அது மூட்டையில்லாத புதுக் கூலியாளாக வந்து டீ.என்.ஏ. வேலையைச் செய்துவிடும். சோகை தேறும். முகத்தில் இரத்தம் ஏறும். எல்லாரும் சந்தோஷப்படுவார்கள். ஆனால் பி12க்கு வேறு வேலையும் உண்டு. நரம்பைச் சுற்றியுள்ள உறையைக் காப்பது அது; அந்த வேலையைப் போலிக் அமிலத்தால் செய்ய முடியாது. 1940களில் வைத்தியர்கள் இதைக் கண்ணால் கண்டார்கள். பி12 குறைச் சோகை நோயாளிகளுக்குப் புதிதாக வந்த போலிக் அமிலத்தைக் கொடுத்தபோது குருதி தேறியது, கால் நடை கெட்டது. 1948இல் பி12 பிரித்தெடுக்கப்பட்ட பின்தான் அவர்களுக்குச் சரியான மருந்து கிடைத்தது.

இது எங்கள் வீடுகளில் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். மூத்தம்மாவுக்குப் பத்து வருடமாகச் சீனி வருத்தம். மெட்போமின் குளிசை எடுக்கிறார். நீண்ட காலம் மெட்போமின் எடுத்தால் குடலில் பி12 உறிஞ்சப்படுவது குறையும். வயது போனவர்களின் இரப்பையும் முன்புபோல உணவிலிருந்து பி12ஐப் பிரித்தெடுக்காது. ஈரலில் சில வருடத்துக்குப் போதுமான பி12 சேமிப்பு இருப்பதால் குறை மெதுவாக, யாருக்கும் தெரியாமல் வரும். போலேட் சேமிப்போ மூன்று நான்கு மாதத்திலேயே தீர்ந்துவிடும். மூத்தம்மா களைப்பு என்கிறார். வீட்டில் பேத்தியின் “இரத்தக் குளிசை” இருக்கிறது, ஒன்றைக் குடுத்துவிடுவோம் என்று யாரோ கொடுக்கிறார்கள். களைப்புக் குறைகிறது. பாதம் மரத்துப் போவதும், சுபஹுக்கு இருட்டில் எழும்பி நடக்கும்போது தள்ளாடுவதும் கூடிக்கொண்டு போகிறது. அதைச் சீனி வருத்தத்தின் தலையில் போட்டுவிடுகிறார்கள். மூத்தம்மாவுக்குத் தேவை பி12 அளவைப் பார்க்கும் குருதிப் பரிசோதனை. பேத்தியின் குளிசை பேத்திக்குத்தான்.

சிலர் இந்த ஆபத்தைக் கேட்டவுடன் இளம் பெண்களுக்கும் போலிக் அமிலம் வேண்டாம் என்பார்கள். அது தவறு. 400 மைக்ரோகிராம் சிறிய அளவு. மீனும் முட்டையும் சாப்பிடும் இருபது வயதுப் பெண்ணுக்கு பி12 குறை வருவது அரிது. வாப்பாவின் மருந்துப் பெட்டியையும் மகளின் மருந்துப் பெட்டியையும் வேறாக வைத்தால் போதும்.

மிகப் பெரிய தடை விஞ்ஞானம் அல்ல, வெட்கம். கலியாணமாகாத பெண் “கர்ப்பக் குளிசை” விழுங்குகிறாள் என்றால் ஊர் என்ன சொல்லும்? எனக்குத் தெரிந்த ஒரு அக்கா நிச்சயமான பிறகு ஒரு பார்மசிக்குப் போய் இதைக் கேட்டபோது, கடையில் இருந்தவர் அவளுடைய உம்மாவைப் பார்த்துச் சிரித்தாராம். அவள் திரும்ப அந்தக் கடைக்குப் போகவில்லை, குளிசையும் எடுக்கவில்லை. அதற்குக் கர்ப்பக் குளிசை என்று பெயர் வைத்ததே பிழை. அது கலம் பிரிவதற்கான விற்றமின். ஆணுக்கும் பெண்ணுக்கும் கன்னிக்கும் கிழவிக்கும் உடம்பில் இருக்க வேண்டியது. அமெரிக்காவில் 1998 முதல் அதை மாவிலேயே கலக்கிறார்கள். பாண் வாங்குகிறவரிடம் கலியாணமாகிவிட்டதா என்று யாரும் கேட்பதில்லை.

நம் நாட்டில் புதிதாகக் கலியாணம் செய்த தம்பதிகளைக் குடும்ப நல மாது பதிந்து, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அழைத்து, எடையும் குருதியும் பார்த்து, போலிக் அமிலமும் கொடுக்கும் ஒழுங்கு ஒன்று இருக்கிறது. நல்ல ஒழுங்கு. ஆனால் அது “புதிதாகக் கலியாணம் செய்த” தம்பதிகளைத் தேடுகிறது. எங்கள் பகுதியில் கலியாணமான முதல் மாதத்திலேயே கர்ப்பமாகும் பெண்கள் குறைவில்லை. மாமியும் சாச்சியும் “விசேஷம் ஒண்டுமில்லையா” என்று கேட்கத் தொடங்குவதும் அந்த மாதத்தில்தான். ஆகவே தொடக்கத்தை நிக்காஹ்வுக்குப் பின்னால் வைக்காமல் கலியாணம் முற்றாகும் நாளுக்கு நகர்த்த வேண்டும். நிக்காஹ் பதிவுக்கு விபரம் கேட்கும்போதே ஒரு துண்டுப் பிரசுரம் கொடுக்கலாம். மாது வீட்டுக்கு வரும் நாளில் மூத்த மகளுக்குக் கலியாணம் பேசியிருக்கிறோம் என்று உம்மாமார் சொல்லலாம். கேட்டால் அவர் எப்போது தொடங்குவது, எவ்வளவு எடுப்பது என்று சொல்வார். கொப்பியில் கட்டிலுக்கும் அலுமாரிக்கும் இடையில் ஒரு வரி எழுதவும் இடமிருக்கிறது. எங்கள் பெரிய ராத்தாவின் கலியாணம் ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு. அந்தக் கொப்பியில் வரியை நானே எழுதிவிட்டேன்; உம்மா வாசித்துவிட்டு அதை வெட்டவில்லை.